பெயின்ட் மீட்டரும் எட்டுப் பழைய கார்டும்: செகண்ட் ஹேண்ட் காரில் டிங்கரிங் பார்த்த இடத்தைப் பிடிப்பது எப்படி

பெயின்ட் மீட்டர் வாங்கியவர்கள் எல்லோரும் முதல் நாள் செய்வது ஒன்றுதான். காரைச் சுற்றி ஓடி ஓடி அங்கங்கே வைத்துப் பார்த்து, ஒரு இடத்தில் 240 மைக்ரோன் வந்ததும் "ஐயோ அடிபட்ட வாகனம்" என்று திரும்பி வந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஒரு நல்ல காரை விட்டேன். மீட்டர் சொல்வது தகரத்துக்கு மேலே எவ்வளவு கனத்தில் பூச்சு இருக்கிறது என்பதை மட்டும்தான். தகரம் இடம் மாறியதா என்பதைச் சொல்வது பெனல்களுக்கு இடையிலுள்ள கேப். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் கீறலுக்கு அடித்த பெயின்டையும் அடிபட்டு வெட்டி ஒட்டிய உடம்பையும் பிரித்துச் சொல்லலாம். அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. போகும்போது கையில் இருக்க வேண்டியவை

இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளக்கும் மீட்டராகப் பாருங்கள். திரையில் இரும்புக்கு `Fe` என்றும் அலுமினியத்துக்கு `NFe` என்றும் காட்டும். இரும்பை மட்டும் அளக்கும் மலிவான மீட்டரை அலுமினிய பொனட் உள்ள காரில் வைத்தால் அது ஒன்றுமே காட்டாது, அல்லது எல்லை தாண்டியது போலக் காட்டும். பிரியஸ் வாங்கப் போய், பொனட் முழுக்கப் பள்ளம் நிரப்பும் பட்டி என்று சண்டை பிடித்தவரை எனக்குத் தெரியும். அந்தக் காரின் பொனட் அலுமினியம்.

மீட்டரோடு வரும் இரும்புத் தகடும் அளவு எழுதிய பிளாஸ்டிக் தாள்களும் கட்டாயம் வேண்டும். அதோடு காலாவதியான வங்கி கார்ட் எட்டு, ஒரு ஈரத்துணி, ஒரு காய்ந்த துணி, ஒரு டோர்ச், ஒரு கொப்பி, பேனா. கார்ட் எதற்கு என்றால், ஒரு வங்கி கார்டின் கனம் 0.76 மில்லிமீற்றர். எழுத்துப் புடைத்த கார்ட் வேண்டாம், மட்டமான கார்டாக எடுங்கள். அஞ்சு கார்டை ஒன்றாகப் பிடித்தால் ஏறக்குறைய 3.8. கேப் அளக்க இதைவிட மலிவான சாமான் இல்லை, பெயின்டையும் கீறாது.

2. நேரமும் இடமும்

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் காலை ஏழு மணிக்குக் கார் பார்க்கப் போகாதீர்கள். பனி இறங்கிய தகரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படை இருக்கும், மீட்டர் அதையும் பூச்சுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். தோட்டப் பாதையில் வந்த காரில், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் மேலே காய்ந்து கிடக்கும் மண்ணும் அப்படித்தான். பத்து மணிக்கு மேல் போங்கள். அளக்கும் இடத்தை ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைத்துவிட்டு வையுங்கள்.

அடுத்தது இடம். எங்கள் ஊரில் எல்லா வீட்டு வாசலும் சரிவு. ஒரு சில்லு மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் நின்றால் உடம்பு லேசாக முறுகும், கதவுக் கேப் கொஞ்சம் மாறும். அதை வைத்து நீங்கள் ஒரு முடிவுக்கு வந்தால் அது காரின் பிழை இல்லை, நிலத்தின் பிழை. "ஐயா, பெற்றோல் செட்டடிக்குக் கொண்டு வரலாமா, ஒரு ரவுண்ட் ஓடிப் பார்த்த மாதிரியும் இருக்கும்" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

மீட்டரை வெளியே எடுக்க முன்னமே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "எங்கேயாவது பெயின்ட் அடிச்சிருக்கா?" பதிலைக் கொப்பியில் எழுதுங்கள். பெயின்ட் அடித்ததைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. சொன்னதும் கண்டதும் ஒத்துப்போகிறதா என்பதுதான் எனக்கு வேண்டியது.

3. மீட்டரைத் தொட முன் கேப்பைப் பாருங்கள்

இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். எண்ணை முதலில் பார்த்துவிட்டால், பிறகு கண் அந்த எண்ணுக்குத் தகுந்த மாதிரியே கேப்பைப் பார்க்கும். 1000 கண்ட இடத்தில் கேப் கோணலாகத் தெரியும், 100 கண்ட இடத்தில் கோணல் இருந்தாலும் தெரியாது.

கேப் இத்தனை மில்லிமீற்றர்தான் இருக்க வேண்டும் என்று தேடாதீர்கள். பொதுவாக 3 முதல் 5 வரை இருக்கும், ஆனால் மொடலுக்கு மொடல் மாறும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, இடப் பக்கமும் வலப் பக்கமும் ஒன்றா. மற்றது, ஒரே கேப் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா. பாதை மாதிரிதான், அகலப் பாதையோ ஒடுக்கப் பாதையோ பரவாயில்லை, நடுவில் திடீரென்று ஒடுங்கினால்தான் அங்கே ஏதோ நடந்திருக்கிறது.

வலப் பக்கப் பின் கதவுக்கும், அதன் பின்னால் பின் சில்லைச் சுற்றி வரும் குவாட்டர் பெனலுக்கும் இடையில் கார்ட்களை நுழையுங்கள். தள்ளித் திணிக்காமல், லேசாகப் பிடித்து நிற்கிற அளவுக்கு எத்தனை கார்ட் போகிறது என்று மேலே, நடுவில், கீழே மூன்று இடத்தில் எழுதுங்கள். அப்புறம் அதே கார்ட்களோடு இடப் பக்கம். இப்படியே முன் கதவுக்கும் மட்கார்டுக்கும் இடையில், பொனட்டின் இரு ஓரத்தில், டிக்கிக் கதவின் இரு ஓரத்தில். ஒரு கார்ட் வித்தியாசத்தை விட்டுவிடலாம், பக்டரியிலேயே அவ்வளவு வரும். இரண்டு கார்ட் என்றால் வட்டம் போடுங்கள்.

அகலத்தைத் தவிர மட்டமும் இருக்கிறது. விரல் நுனியைக் கதவிலிருந்து பக்கத்துப் பெனலுக்கு இழுத்துப் பாருங்கள், படி ஏறுகிற மாதிரி தட்டினால் ஒரு பக்கம் வெளியே நிற்கிறது. கண்ணை மூடிக்கொண்டு செய்தால் இன்னும் நன்றாகத் தெரியும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. சாரதி கதவு ஆயிரம் தரம் திறந்து மூடிய கதவு, பிணைச்சல் தேய்ந்து இறங்கியிருக்கலாம். கதவைப் பாதி திறந்து நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆட்டம் இருந்தால் அந்தக் கேப் கோணல் தேய்மானத்தால் வந்தது, அடியால் வந்ததாக எண்ண வேண்டாம்.

4. மீட்டரைச் சரிபார்த்தல்

மீட்டரைக் காருக்குள்ளோ பைக்குள்ளோ வைத்திருந்தால், வெளியே எடுத்துப் பத்து நிமிடம் காரின் பக்கத்தில் விடுங்கள். மலைநாட்டுக் குளிரில் சூடான மீட்டரைக் குளிர்ந்த தகரத்தில் வைத்தால் எண் நகரும். பிறகு வெறும் இரும்புத் தகட்டில் வைத்து சைபர் ஆக்கி, அதன் மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து, தாளில் எழுதிய அளவு வருகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று மைக்ரோன் கூடிக் குறையலாம்.

அலகையும் பாருங்கள். திரையில் `um` என்று இருந்தால் மைக்ரோன். `mil` என்று இருந்தால் அது வேறு அலகு, 1 `mil` என்பது 25.4 மைக்ரோன். பட்டனைத் தெரியாமல் அழுத்திவிட்டு, "4.3 காட்டுது, பெயின்டே இல்லையே" என்று ஒரு தம்பி எனக்குப் பின்னேரம் போன் எடுத்தான். அது 109 மைக்ரோன், பக்டரிப் பெயின்ட்.

5. இந்தக் காரின் சொந்த அளவு எது

பக்டரிப் பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 140 மைக்ரோனுக்குள் நிற்கும். ஆனால் அந்தப் பெரிய வீச்சை வைத்துக்கொண்டு ஒரு காரை எடைபோட முடியாது. முத்து வெள்ளை நிறத்துக்கு ஒரு படை கூட இருப்பதால் இயல்பாகவே கனம் கூடும். ஆகவே முதலில் இந்தக் காருக்கு எது இயல்பு என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கூரையில் தொடங்குங்கள், அடிபடுவது குறைந்த இடம் அது. கூரையில் ஐந்து இடம். ஆனால் கூரையோடு நிறுத்தாதீர்கள், ஏனென்றால் முழுக் காருக்கும் பெயின்ட் அடித்திருந்தால் கூரையும் 220 காட்டும், மற்ற எல்லாமும் 220 காட்டும், நீங்கள் "எல்லாம் ஒரே மாதிரி, நல்ல கார்" என்று சொல்லிவிடுவீர்கள். அதனால் கதவுகளைத் திறந்து, கதவு மூடினால் மறைந்துபோகும் பில்லரின் தட்டையான இடங்களிலும் வையுங்கள். பெயின்ட் பாஸ்மார் பெரும்பாலும் கதவைக் கழற்றாமல், அந்த உள்பகுதியைப் பேப்பரால் மறைத்துவிட்டுத்தான் அடிப்பார்கள். உள்ளே 85, கூரையில் 100 என்றால் இயல்பு. உள்ளே 85, கூரையில் 220 என்றால் கூரையும் அடித்தது.

6. பெனல் பெனலாக அளத்தல்

மீட்டரின் நுனி பெனலுக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும், சாய்ந்தால் எண் கூடும். ஓரத்திலிருந்தும் மடிப்புக் கோட்டிலிருந்தும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளித் தட்டையான இடத்தில் வையுங்கள், ஏனென்றால் வளைவில் எந்த மீட்டரும் தடுமாறும். பஃபரில் வைக்க வேண்டாம், அது பிளாஸ்டிக். சில வாகனங்களில் முன் மட்கார்டும் பிளாஸ்டிக்தான், பழைய நிசான் எக்ஸ்-ட்ரெயில் அப்படி. தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரியும்.

ஒரு கதவுக்கு ஒன்பது இடம்: மேலே மூன்று, நடுவில் மூன்று, கீழே மூன்று. புதியவர்கள் நடுவில் ஒன்று வைத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போவார்கள். எங்கள் பாதைகளில் கார் உரசும் இடம் நடு இல்லை. இடப் பக்கம் ஓட்டுகிற நாட்டில், எதிரே வரும் பஸ்ஸுக்கு வளைவில் வழி விட ஒதுங்கினால் இடப் பக்கம் மண்மேடு, மதில், இல்லாவிட்டால் கான். கானுக்குள் இடச் சில்லு இறங்கினால் அடிபடுவது சில், கதவின் கீழ் ஓரம், பின் சில்லு வளைவு. ஆகவே இடப் பக்கக் கீழ்ப் பகுதியில் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

கொப்பியில் காரின் படத்தைச் சும்மா கோடாகக் கீறி, அளந்த இடத்திலேயே எண்ணை எழுதுங்கள். பட்டியலாக எழுதினால் பிறகு எது எங்கே என்று தெரியாது, படத்தில் எழுதினால் அடிபட்ட உருவமே எழும்பி வரும்.

7. எண்களை எப்படி வாசிப்பது

சராசரி எடுக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்து எண்கள் எப்படி நகர்கின்றன என்று பாருங்கள்.

ஒரு பெனல் முழுக்க 190, 210, 230, 205 என்று அமைதியாக இருந்தால் மேலாக ஒரு பெயின்ட் போயிருக்கிறது, கீழே தகரம் பெரும்பாலும் நேராகத்தான் இருக்கிறது. கீறலுக்கு அடித்தது. அதே பெனலில் 220, 380, 1150, 640, 250 என்று உள்ளங்கை அகலத்துக்குள் எண் ஏறி இறங்கினால் உள்ளே பட்டி இருக்கிறது. பெயின்ட் துப்பாக்கி சமனாகத் தூவும், பட்டியோ பள்ளத்தை நிரப்பப் போடுவது, பள்ளம் எங்கே ஆழமோ அங்கே கனம் கூடும். அந்த ஏற்ற இறக்கம்தான் பழைய நெளிவின் அச்சு.

இன்னும் ஒன்று, இதில் தேர்ந்தவர்களே ஏமாறுவார்கள். எண் சரியாக இருப்பதும் சுத்தம் என்பதற்கு அத்தாட்சி இல்லை. பஞ்சிகாவத்தைப் பழைய பாகக் கடையில் அதே நிறக் கதவு ஒன்றை வாங்கிப் பூட்டினால் மீட்டர் 105 என்று சிரித்துக்கொண்டு சொல்லும், ஏனென்றால் அது உண்மையிலேயே பக்டரிப் பெயின்ட், வேறு காருடையது. வெறும் தகரமாக வந்த புதுப் பெனலுக்கு அளவாக அடித்தாலும் 130 அளவில் நிற்கலாம். அதைப் பிடிக்கத்தான் அடுத்த படி.

8. போல்ட், ரப்பர், சீலர்

மட்கார்ட், பொனட், கதவு, டிக்கிக் கதவு எல்லாம் போல்டால் பூட்டியவை. போல்ட் தலையின் மூலைகளில் பெயின்ட் உடைந்து இரும்பு தெரிந்தால் சாவி போட்டிருக்கிறார்கள். போல்டைச் சுற்றிப் பழைய அச்சு ஒரு பக்கம் தெரிந்தால் பெனலை நகர்த்திக் கேப் சரிபண்ணியிருக்கிறார்கள். இவை கழற்றி மாற்றக்கூடியவை, அதனால் விலையில் பேசிக்கொள்ளலாம்.

குவாட்டர் பெனல், சில், பில்லர், கூரை ஆகியவை வெல்டிங். இவற்றை மாற்ற வேண்டுமானால் வெட்ட வேண்டும். கதவு வாசலையும் டிக்கி வாசலையும் சுற்றி இருக்கும் ரப்பரை, சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு, ஒரு சாண் நீளத்துக்கு மெதுவாக இழுங்கள். அதன் கீழே தகர விளிம்பில் வட்டமான சின்னக் குழிகள் வரிசையாக இருக்கும், அதுதான் பக்டரி ஸ்பொட் வெல்டிங். வலப் பக்கம் இருக்கிற மாதிரியே இடப் பக்கமும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் குழிகள் இல்லாமல் தேய்த்து மழுங்கியோ கட்டி கட்டியாகவோ இருந்தால் அங்கே கைவேலை நடந்திருக்கிறது. மூட்டுகளில் போடும் சீலரும் அப்படித்தான். நகத்தால் அழுத்திப் பாருங்கள், ஒரு பக்கம் ஒழுங்கான கோடாகவும் மற்றப் பக்கம் பிரஷ் இழுத்த தடமாகவும் இருந்தால் ஒரு பக்கம் பிந்திப் போட்டது.

9. கொட்டகலையில் பார்த்த வெகன் ஆர்

மச்சானுக்காக ஒரு சில்வர் வெகன் ஆர் பார்க்கப் போனேன். விற்கிறவர் முதலே சொன்னார், "இடப் பக்கப் பின் கதவிலே லொறி ஒன்று உரசினது தம்பி, அதுக்கு மட்டும் பெயின்ட் அடிச்சது." எழுதிக்கொண்டேன்.

கேப்பில் தொடங்கினேன். வலப் பக்கப் பின் கதவுக்குப் பின்னால் மேலே, நடுவில், கீழே மூன்றிலும் அஞ்சு கார்ட். இடப் பக்கம் மேலே நாலு, நடுவில் அஞ்சு, கீழே ஏழு. அதாவது மேலே ஏறக்குறைய 3, கீழே 5.3 மில்லிமீற்றர். கதவைத் தூக்கிப் பார்த்தேன், பிணைச்சலில் ஆட்டமே இல்லை. இடப் பக்கப் பின் கதவை மூடும்போது வந்த சத்தமும் மற்றக் கதவுகளுடையது மாதிரி இல்லை, ஆனால் சத்தத்தை நான் சாட்சியாக எடுப்பதில்லை.

பிறகு மீட்டர். கூரையில் 96 முதல் 104. வலப் பக்க பில்லர் உள்ளே 82. வலப் பக்கம் முழுக்க 98க்கும் 115க்கும் இடையில். அவர் சொன்ன இடப் பக்கப் பின் கதவில் 215 முதல் 250 வரை, ஒன்பது இடத்திலும் அமைதியாக. அவர் சொன்னது பொய் இல்லை, அந்தக் கதவில் உரசல்தான். அடுத்தது குவாட்டர் பெனல். சில்லு வளைவுக்கு மேலே 310, நாலு விரல் கீழே 870, அதற்குப் பக்கத்தில் 1420, பிறகு 560. வளைவின் பின் கீழ் மூலையில் மீட்டர் எண்ணே தரவில்லை, எல்லை தாண்டிவிட்டது. கதவுக்குக் கீழுள்ள சில் பகுதியின் பின் பாதியில் 480, முன் பாதியில் 110. அந்தச் சில் பகுதியின் நடுவில் எங்கேயோ ஒரு மூட்டு இருக்கிறது என்று அந்த இரண்டு எண்ணும் சொல்லின.

கேப் கீழே விரிந்திருந்ததும் பட்டி கீழே கனத்திருந்ததும் ஒரே இடம். கீழே பின் மூலையில் அடி விழுந்து தகரம் பின்னால் இழுபட்டிருக்கிறது, திருப்பி முழுக்க முன்னுக்குக் கொண்டுவர முடியாமல் பட்டியால் உருவத்தை முடித்திருக்கிறார்கள். அவரிடம் கேட்டுவிட்டு டிக்கி ரப்பரை இழுத்தேன். வலப் பக்கம் குழிகள் வரிசையாக, இடப் பக்கம் கீழ்ப் பாதியில் ஒரு குழியும் இல்லை, கிரைண்டர் தடம் மட்டும். தரைப் பலகையைத் தூக்கினால் இடப் பக்க மூட்டில் சீலர் பிரஷால் தடவியிருந்தது, அதற்குப் பக்கத்திலே தண்ணீர் வடிந்து காய்ந்த கோடு.

படத்தைக் கீறி எண்களோடு அவரிடமே காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்திருக்கும் தம்பி, நான் கதவுக்கு மட்டும்தான் அடிச்சேன்" என்றார். இருக்கலாம். கதவில் எண் அமைதியாக இருந்ததும், குவாட்டரில் பல படை கனம் இருந்ததும் இரண்டும் வேறு வேறு நேரத்து வேலை என்று சொல்கிற மாதிரித்தான் எனக்கும் பட்டது.

கதவு மட்டும் என்றால் மச்சானை வாங்கச் சொல்லியிருப்பேன். வெட்டி ஒட்டிய குவாட்டரும், மூட்டுப் போட்ட சில் பகுதியும், தண்ணீர் வரும் டிக்கியும், வருசத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரும் சேர்ந்தால் உள்ளே துரு ஓடிக்கொண்டே இருக்கும். அதை மீட்டரால் அளக்க முடியாது, லிஃப்டில் ஏற்றிக் கீழே பார்க்க வேண்டும். ஹட்டனில் லிஃப்ட் உள்ள கராஜ் ஒன்றுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்றார். அந்த ஞாயிறு போன் எடுத்தபோது கார் விற்றுப் போயிருந்தது.